ஒரே பில்லில் மூன்று காலம்

போஸ்ட்பெய்ட் பில்லைப் பார்த்து “இந்த மாதம் நான் இவ்வளவு பாவிக்கவே இல்லையே” என்று சொல்பவர்கள் பல சமயம் சரியாகத்தான் சொல்கிறார்கள். அந்த மாதம் அவர்கள் அவ்வளவு பாவித்திருக்க மாட்டார்கள். ஆனால் பில்லில் இருப்பது அந்த மாதம் மட்டும் இல்லை. மாத வாடகை இனி வரப்போகும் மாதத்துக்கானது. மேலதிகப் பாவனை முடிந்துபோன மாதத்துடையது. ரோமிங் இருந்தால், அது அதற்கும் முந்திய நாட்களுடையதாக இருக்கலாம். இந்த மூன்றையும் ஒரே தாளில் போட்டுக் கூட்டி, அதன் மேல் வரியை ஏற்றி, கீழே ஒரே ஒரு தொகையாக அச்சிடுகிறார்கள். அந்தத் தொகையை எந்த மாதத்தோடு ஒப்பிட்டாலும் கணக்கு ஒத்துவராது.

நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி ஒன்று நடத்தும் அக்கா ஒருவரின் ஓகஸ்ட் மாதப் பில்லை வைத்து இதைப் பார்க்கலாம். ஜூலையில் அம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போய் வந்தவர் அவர். 9ஆம் திகதி போய் 16ஆம் திகதி திரும்பினார். அவருடைய பில் ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதி வெளிவரும். கட்டணங்கள் கம்பனிக்குக் கம்பனி, பக்கேஜுக்குப் பக்கேஜ் மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கை விளங்குவதற்கு வசதியாக வட்ட எண்களாக மாற்றியிருக்கிறேன். வரி வீதங்களில் கை வைக்கவில்லை.

வரிக்கு முன் அந்தப் பில்லில் இருந்தது இவ்வளவுதான். வாடகை 1,500 ரூபாய். மேலதிகப் பாவனை 900 ரூபாய். ரோமிங் 1,540 ரூபாய். ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆன பிறகு இந்த 1,540 எங்கிருந்து வந்தது என்பதுதான் அக்காவின் கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் மற்ற இரண்டையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வாடகையில் சிக்கல் குறைவு. 15 ஓகஸ்ட் அன்று வந்த பில்லில் உள்ள 1,500 ரூபாய், அன்றிலிருந்து 14 செப்டெம்பர் வரைக்குமானது. முற்பணம் மாதிரித்தான். இது பெரும்பாலும் புதிதாக இணைப்பு எடுத்தவர்களைத்தான் குழப்பும். 25 ஜூலை அன்று ஒருவர் இதே பக்கேஜை எடுக்கிறார் என்று வையுங்கள். அன்றிலிருந்து 14 ஓகஸ்ட் வரை 21 நாட்கள். அந்த நாட்களுக்கு 1,500 ரூபாயில் 31இல் 21 பங்கு, அதாவது ஏறக்குறைய 1,016 ரூபாய். அதோடு அடுத்த மாத வாடகை 1,500. ஆக முதல் பில்லிலேயே வாடகை மட்டும் 2,516 ரூபாய் காட்டும். “மாதம் ஆயிரத்து ஐந்நூறு என்றுதானே சொன்னார்கள்” என்று முதல் பில்லோடு சண்டைக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவது பில்லில் கணக்கு நேராகிவிடும். எதுவும் பாவிக்காமல் சிம்மை மேசைக்குள் போட்டு வைத்தாலும் இந்த வாடகை பில்லில் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ரீலோட் போட்டுப் பழகியவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு.

மேலதிகப் பாவனையில் அக்காவுக்கு வந்த 900 ரூபாயில் 400 ரூபாய் மேலதிக டேட்டா. 20 ஜிபி முடிந்ததும் அவரே ஃபோனில் வாங்கிய ஒரு துண்டுப் பக்கேஜ் அது. அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. மிச்சம் 500 ரூபாய் கோல்களுக்கு. பக்கேஜில் மற்ற நெட்வொர்க்குகளுக்கு 200 நிமிடம் இலவசம். அவர் 325 நிமிடம் பேசியிருக்கிறார் என்கிறது பில். மேலதிகமான 125 நிமிடத்துக்கு நிமிடம் 4 ரூபாய்ப்படி 500. ஆனால் அவருடைய ஃபோனில் அதே நாட்களுக்கான கோல் விபரத்தைக் கூட்டினால் 200ஐக் கொஞ்சம்தான் தாண்டுகிறது.

இரண்டுமே பொய் இல்லை. ஃபோன் விநாடியைக் கூட்டுகிறது. இந்தப் பக்கேஜ் நிமிடத்தை எண்ணுகிறது. 1 நிமிடம் 10 விநாடி பேசினால் பில்லில் அது 2 நிமிடம். விடுதிக்காரர்களின் கோல்களை நினைத்துப் பாருங்கள். “அண்ணை, ரெண்டு பேர் நிக்கினம், ஸ்டேஷனுக்கு ஓட்டோ வேணும்” என்று ஒன்று. புறாத்தீவுக்குப் படகு காலையில் எத்தனை மணிக்கு என்று இன்னொன்று. எல்லாம் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டி முடிகிற கோல்கள். அப்படி 40 கோல், ஒவ்வொன்றும் 70 விநாடி என்றால் ஃபோனில் ஏறக்குறைய 47 நிமிடம், பில்லில் 80 நிமிடம். சீசன் நேரத்தில் நாள் முழுக்க இப்படிப் பேசுகிறவருக்கு விநாடிக் கணக்கில் ஓடும் பக்கேஜ்தான் பொருத்தம், வாடகை கொஞ்சம் கூடினாலும். அரை மணித்தியாலம் பேசும் இரண்டு மூன்று சொந்தக்காரர்கள் மட்டும் உள்ளவருக்கு நிமிடக் கணக்கே போதும்.

இதே பகுதியில் சத்தமில்லாமல் வந்து குந்தும் இன்னொன்று, நாளாந்தம் கழியும் சேவைகள். கிரிக்கெட் செய்தி, ராசிபலன், கோல் எடுப்பவருக்குப் பாட்டுக் கேட்பது போன்றவை. ஒரு நாளைக்கு 6 ரூபாய் என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். 30 நாளில் அது 180. ரீலோட் சிம் என்றால் மீதி குறைவதைப் பார்த்து ஒருநாள் கண்டுபிடித்துவிடுவோம். போஸ்ட்பெய்டில் பில்லின் உள்பக்கம் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். அக்காவின் பில்லில் அது இருக்கவில்லை.

ரோமிங் ஏன் பிந்தி வருகிறது

சரி, இப்போது 1,540க்கு வருவோம். இதில் வேடிக்கை என்னவென்றால், அக்கா சென்னையில் இருக்கும்போதே ஜூலைப் பில் வந்துவிட்டது. அதில் ரோமிங் என்று 1,000 ரூபாய் இருந்தது. 9ஆம் திகதி வாங்கிய டேட்டாப் பக்கேஜின் விலை அது. “ரோமிங் இவ்வளவுதான்” என்று நினைத்து அதைக் கட்டியும் விட்டார். டேட்டா உடனே பில்லில் ஏறியதும், கோல்கள் ஒரு மாதம் கழித்து ஏறியதும் தற்செயல் இல்லை. இரண்டும் பயணிக்கிற பாதை வேறு.

வெளிநாட்டில் இருக்கும்போது நமது ஃபோனின் டேட்டா அங்குள்ள கோபுரத்தைப் பிடித்தாலும், சாதாரணமாக அது திரும்ப இலங்கைக்கு வந்து, நமது கம்பனியின் வாசல் வழியாகத்தான் இணையத்துக்குள் போகிறது. அதனால் எத்தனை எம்பி போகிறது என்று கொழும்பில் உள்ள கணினிக்கு அந்தக் கணமே தெரியும். பக்கேஜில் 80 வீதம் முடிந்துவிட்டது என்று மெசேஜ் அனுப்பவும், முடிந்ததும் நிறுத்தவும் அவர்களால் முடிவது இதனால்தான்.

சாதாரண குரல் கோல் அப்படி இல்லை. சென்னையில் இருந்து திருகோணமலைக்கு எடுத்த கோலை இணைப்பது அங்குள்ள நெட்வொர்க். எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு, எத்தனை விநாடி என்ற பதிவு அவர்களிடம்தான் உருவாகிறது. அந்தப் பதிவுகளை அவர்கள் சேர்த்து, டெப் என்று தொழிலில் சொல்லும் ஒரு கோப்பாகக் கட்டி, பெரும்பாலும் இடையில் நின்று கணக்குத் தீர்க்கும் ஒரு தீர்வகம் வழியாக, இலங்கைக் கம்பனிக்கு அனுப்புகிறார்கள். கம்பனிகள் தமக்குள் தீர்க்கும் அந்த மொத்த விலை பல சமயம் ரூபாயிலோ டொலரிலோ இருக்காது. சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்டிஆரில் இருக்கும். அது இங்கு வந்து, நமது கம்பனியின் ரோமிங் கட்டணப் பட்டியலின்படி ரூபாயாக மாறி, அதன் பிறகுதான் நமது பில்லில் ஒரு தொகையாக வந்து உட்காருகிறது.

கோப்பு இரண்டு நாளிலும் வரலாம். இரண்டு கிழமையிலும் வரலாம். கம்பனிகளுக்கு இடையிலான நடைமுறையில் 30 நாள் வரை அவகாசம் உண்டு. மோசடியைப் பிடிப்பதற்கென்று சில மணி நேரத்துக்குள் அனுப்பும் வேறொரு தகவல் ஓட்டமும் இருக்கிறது. ஆனால் அது பில் போடுவதற்கு இல்லை. சிம் திருட்டுப்போய் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கோல்கள் போனால் எச்சரிக்கை மணி அடிப்பதற்கு.

எனவே 9இலிருந்து 16 வரை போன பயணத்தின் டேட்டா ஜூலைப் பில்லிலும், கோல்கள் பெரும்பாலும் ஓகஸ்ட் பில்லிலும் வந்தது இயல்பு. 16ஆம் திகதி விமான நிலையத்தில் இருந்து எடுத்த கடைசிக் கோல் செப்டெம்பருக்கும் தள்ளிப்போகலாம். பயணம் முடிந்த பிறகு இரண்டு பில்லைப் பார்த்த பின்தான் ரோமிங் கணக்கு மூடிவிட்டது என்று நினைக்கலாம்.

பதிவுகளில் உள்ள நேரத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ரோமிங் கோலின் நேரம் வழக்கமாக அந்த நாட்டு நேரத்தில்தான் இருக்கும். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் அக்காவுக்கு அந்தக் குழப்பம் வரவில்லை. டோஹாவில் இருந்து வந்தவர் பில்லைப் பார்த்தால் இரண்டரை மணி நேரம் பின்தள்ளி இருக்கும். நள்ளிரவுக்குப் பின் நம்மோடு பேசிய கோல் முதல் நாள் திகதியில் இருக்கும். அதைப் பார்த்து “அந்த நேரம் நான் ஃபோனே எடுக்கவில்லை” என்று முறைப்பாடு எழுதுகிறவர்கள் உண்டு.

அவர் எடுக்காத கோல்

1,540 ரூபாயைப் பிரித்தால் மூன்று பகுதி. வந்த கோல்கள் 14 நிமிடம், நிமிடம் 50 ரூபாய்ப்படி 700. போன கோல்கள் 3 நிமிடம், நிமிடம் 120 ரூபாய்ப்படி 360. இன்னும் 4 நிமிடம் போன கோல், அதே 120 ரூபாய்ப்படி 480.

முதல் பகுதியே பலருக்கு அதிர்ச்சி. இலங்கைக்குள் இருக்கும்போது நமக்கு வருகிற கோலுக்குக் காசு இல்லை. அந்தப் பழக்கத்தில் சென்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துகொண்டு “ஓம் மாமி, ஒப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது” என்று எல்லோருக்கும் ஆறுதலாகப் பேசினால், எடுத்த மாமிக்கு உள்ளூர்க் கட்டணம்தான் போகும். திருகோணமலையில் இருந்து சென்னை வரைக்குமான செலவு கோலை ஏற்றவரின் கணக்கில் விழும். எடுத்தவருக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, அதற்கான காசை அவரிடம் கேட்பதில் நியாயமில்லை என்பதால்தான் ரோமிங்கில் இந்த ஏற்பாடு. மணி அடித்து, எடுக்காமல் விட்டால் கட்டணம் இல்லை.

கட்டணம் இல்லை என்று சொன்னேன். அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அக்காவின் மூன்றாவது பகுதி அதுதான்.

அந்த 4 நிமிடமும் நான்கு கோல்களாகப் போயிருந்தது 026இல் தொடங்கும் ஒரு எண்ணுக்கு. திருகோணமலைக் குறியீடு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்காவே கண்டுபிடித்தார், அது அவருடைய விடுதியின் லேண்ட்லைன். ஆனால் சென்னையில் இருந்து விடுதிக்கு அவர் அந்த நேரங்களில் எடுக்கவே இல்லை. பில்லை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. அந்த நான்கு கோல்களுக்கும் பக்கத்தில், அதே நிமிடத்தில், அதே நீளத்தில், வந்த கோல் ஒன்றும் பதிவாகியிருந்தது. ஒரே நேரத்தில் ஒருவர் கோல் வாங்கிக்கொண்டும் எடுத்துக்கொண்டும் இருக்க முடியாதல்லவா?

காரணம் கோல் ஃபோர்வர்ட். சீசனில் முன்பதிவுக் கோல் எதுவும் தவறிவிடக் கூடாது என்று, மொபைலை எடுக்காவிட்டால் லேண்ட்லைனுக்குப் போகும்படி அக்கா எப்போதோ அமைத்து வைத்திருந்தார். ஊரில் இருக்கும்வரை அது நல்ல ஏற்பாடு. சென்னையில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கொழும்பில் இருந்து ஒரு விருந்தினர் அவருடைய மொபைலுக்கு எடுக்கிறார். இலங்கை நெட்வொர்க் அந்தக் கோலைச் சென்னைக்கு அனுப்புகிறது. அங்கே மணி அடிக்கிறது. அக்கா டொக்டருடன் பேசிக்கொண்டிருக்கிறார், எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதைக் கண்டுபிடிப்பது சென்னை நெட்வொர்க். அது ஃபோர்வர்ட் கட்டளையின்படி கோலைத் திரும்ப இலங்கைக்கு, 026க்கு அனுப்புகிறது. விடுதியில் நிற்கும் பையன் எடுத்துப் பேசுகிறான். கொழும்பில் இருந்து நிலாவெளிக்குப் போக வேண்டிய கோல் சென்னைக்குப் போய்த் திரும்பி வருகிறது. போன வழிக்கு நிமிடம் 50, வந்த வழிக்கு நிமிடம் 120. அக்கா ஒரு சொல்லும் பேசாமல் நிமிடத்துக்கு 170 ரூபாய். முதல் பகுதியில் உள்ள 14 நிமிடத்திலும் இந்த 4 நிமிடம் ஒளிந்திருக்கிறது. ஆக இந்த ஏற்பாட்டுக்கு மட்டும் அவர் கொடுத்தது 680 ரூபாய், வரி வேறு.

லேண்ட்லைனுக்குப் பதில் குரல் அஞ்சல் பெட்டி இருந்தாலும் இதே கதைதான். அப்போது பில்லில் நமக்குத் தெரியாத ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அடையாளம் மாறாது. ஒரே நேரம், ஒரே நீளம், இரண்டு பதிவு.

எல்லா ஃபோர்வர்டும் இப்படிக் கடிப்பதில்லை. “எல்லாக் கோலையும் எப்போதும் அனுப்பு” என்று வைத்திருந்தால் கோல் சென்னைக்குப் போகவே மாட்டாது. இலங்கையிலேயே திரும்பிவிடும், உள்ளூர்ச் செலவோடு முடியும். ஃபோனை முற்றாக நிறுத்தி வைத்திருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான், ஏனென்றால் ஆள் இல்லை என்ற பதில் கோலை அனுப்புவதற்கு முன்பே கிடைத்துவிடும். சிக்கல், மணி அடித்து எடுக்காதபோதும், வேறு கோலில் இருக்கும்போதும்தான். அந்த இரண்டு நிலையும் கோல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவரும்.

பயணத்துக்கு முன் ஃபோனில் எண் அழுத்தும் இடத்தில் இவற்றை அழுத்திப் பார்த்தால் போதும். முதல் இரண்டும் எடுக்காதபோதும் வேறு கோலில் இருக்கும்போதும் எங்கே போகிறது என்று காட்டும். மூன்றாவது, நிபந்தனையோடு உள்ள எல்லா ஃபோர்வர்டையும் நீக்கும்.

```
*#61#
*#67#
##004#
```

ஊரில் வைத்தே இதைச் செய்துவிடுவது நல்லது. வெளிநாட்டு நெட்வொர்க்கில் இருந்து அழுத்தினால் சில இடங்களில் வேலை செய்யாது.

இவ்வளவு தொல்லைக்குப் பதிலாக ரோமிங்கையே போடாமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். அக்காவிடம் நானும் கேட்டேன். வங்கி அனுப்பும் ஓடிபி இலங்கை எண்ணுக்குத்தானே வரும் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கட்ட அட்டையை நீட்டும்போது அந்த ஆறு இலக்கம் வராவிட்டால் நின்றுபோகும். நியாயம்தான். வருகிற மெசேஜுக்கு ரோமிங்கில் பொதுவாகக் கட்டணம் இல்லை. அதனால் சிம்மை ஃபோனில் விட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்தி, கோல்களை எடுக்காமல், வட்ஸ்அப்புக்கு ஆஸ்பத்திரி வைஃபையையோ அங்கு வாங்கிய சிம்மையோ பாவித்தால், ஓடிபிக்காக ரோமிங் போட்டவருக்கு ரோமிங் செலவு கிட்டத்தட்ட இல்லாமலே போகும். ஃபோர்வர்ட் நீக்கியிருந்தால் மட்டும்.

வரி: எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இல்லை

ரோமிங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உள்நாட்டுப் பகுதியான 2,400 ரூபாய்க்கு வரி எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். வாடகை 1,500, மேலதிகம் 900.

இலங்கையில் ஃபோன் பில்லின் மேல் இப்போது நான்கு ஏறுகின்றன. பெறுமதி சேர் வரி 18 வீதம், தொலைத்தொடர்பு அறவீடு 15 வீதம், சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு 2.5 வீதம், செஸ் 2 வீதம். கூட்டினால் 37.5 என்று வரும். ஆனால் பில்லில் அந்த 37.5ஐ எங்கே தேடினாலும் கிடைக்காது. இரண்டு காரணம்.

முதலாவது, தொலைத்தொடர்பு அறவீடு டேட்டாவுக்கு இல்லை. இணைய சேவைக்கு இருந்த அறவீட்டை 2017 செப்டெம்பரில் நீக்கிவிட்டார்கள். கோல், மெசேஜ் போன்றவற்றுக்கு மட்டும்தான் அந்த 15 வீதம். இரண்டாவது, இவை பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. பெறுமதி சேர் வரி கடைசியில், மற்ற அறவீடுகளும் சேர்ந்த தொகையின் மேல் விழும். வரிக்கு வரி என்று சனம் திட்டுவது இதைத்தான், திட்டுவதில் பிழையும் இல்லை.

100 ரூபாய்க்கு நீங்கள் கோல் பேசினால் இப்படிப் போகும். உதவுதொகை அறவீட்டோடு 102.56. செஸ்ஸோடு 104.62. தொலைத்தொடர்பு அறவீட்டோடு 120.31. பெறுமதி சேர் வரியோடு ஏறக்குறைய 142 ரூபாய். 100 ரூபாய்க்கு டேட்டா என்றால் மூன்றாவது படி இல்லை. 104.62இல் இருந்து நேரே ஏறக்குறைய 123.45. உதவுதொகை அறவீடு 2.5 ஆக இல்லாமல் 2.56 ஆக வருவது அச்சுப் பிழை இல்லை. அது உண்மையில் கம்பனியின் மொத்த விற்பனையின் மேல் கம்பனி கட்ட வேண்டியது. கம்பனி அதை நம் தலையில் வைக்கும்போது, அந்தத் தொகையும் விற்பனையாகி அதற்கும் 2.5 வீதம் கட்ட வேண்டும் என்பதால், கொஞ்சம் கூட்டி வைக்கிறது.

இனி அக்காவின் பில். மேலதிகக் கோல் 500, டேட்டா 400 என்று தெளிவாக இருக்கிறது. வாடகை 1,500இல் கோலும் டேட்டாவும் கலந்திருக்கின்றன. அதில் எவ்வளவு கோலுக்கு, எவ்வளவு டேட்டாவுக்கு என்று பிரிப்பது கம்பனி. 600 கோலுக்கு, 900 டேட்டாவுக்கு என்று அவர்கள் பிரித்திருந்தால், மொத்தம் கோல் பக்கம் 1,100, டேட்டா பக்கம் 1,300. கோல் பக்கம் வரியோடு ஏறக்குறைய 1,562 ஆகிறது. டேட்டா பக்கம் 1,605. ஆக 2,400 ரூபாய்க்குக் கட்ட வேண்டியது 3,167 ரூபாய் அளவில். 18 வீதம் மட்டும் என்று நினைத்துக் கணக்குப் போட்டவருக்கு 2,832 வரும், பில் அநியாயமாகத் தெரியும். 37.5 வீதம் என்று போட்டவருக்கு 3,300 வரும், கம்பனி ஏதோ மறந்துவிட்டது என்று தோன்றும்.

வாடகையைக் கம்பனி எப்படிப் பிரித்தது என்று பில்லில் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் வரிகளைத் தனித்தனியாக அச்சிட்ட பில் என்றால் நாமே கண்டுபிடிக்கலாம். தொலைத்தொடர்பு அறவீடு என்ற இடத்தில் உள்ள தொகையை எடுத்து 0.15ஆல் பிரியுங்கள். உள்நாட்டுப் பகுதிக்கு அக்காவுக்கு அது 172.62. பிரித்தால் 1,151 வருகிறது. அதற்குள் இருக்கும் இரண்டு சிறிய அறவீடுகளையும் கழிக்க 1.046ஆல் மறுபடி பிரித்தால் 1,100. அதில் மேலதிகக் கோல் 500ஐக் கழித்தால் 600. வாடகையில் கோலாகக் கணக்கிட்டது அவ்வளவு. ரோமிங் உள்ள மாதத்தில் இந்தக் கணக்குக் குழம்பும், ரோமிங் இல்லாத ஒரு பில்லில் செய்து பாருங்கள். இதை ஏன் பார்க்க வேண்டும் என்றால், வாடகை ஒன்றாகவே தெரியும் இரண்டு பக்கேஜ்களில் கோல் பங்கு கூடியதற்குக் கட்டும் தொகை கூடும். நூறு ரூபாய்க்குப் பதினெட்டு ரூபாய் அளவு வித்தியாசம். வட்ஸ்அப்பிலேயே பேசி முடிக்கிறவர் ஆயிரம் நிமிடம் இலவசம் உள்ள பக்கேஜை வைத்திருந்தால், பேசாத நிமிடத்துக்கும் அந்த 15 வீதத்தைக் கட்டுகிறார்.

பழைய பில் ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள், வீதங்கள் எப்படி ஏறின என்று தெரியும். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8க்கும், தொலைத்தொடர்பு அறவீட்டை 15இலிருந்து 11.25க்கும் குறைத்தார்கள். அப்போது 100 ரூபாய்க் கோலுக்கு 122.60, டேட்டாவுக்கு 110.20. பிறகு நெருக்கடி வந்தது. 2022இல் பெறுமதி சேர் வரி ஜூனில் 12, செப்டெம்பரில் 15. அறவீடு மறுபடி 15. அதே ஆண்டு ஒக்டோபரில் உதவுதொகை அறவீடு புதிதாக முளைத்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18. டேட்டா மேல் இருந்த வரி 10 ரூபாயில் இருந்து 23 ரூபாய்க்கு மேல் போனது இந்த வழியில்தான். பில் ஏறியதற்கு 2022இல் பலர் கம்பனிகளைத் திட்டினார்கள். விலையும் ஏறியது உண்மை, ஆனால் ஏற்றத்தில் ஒரு பங்கு இது.

பிழை என்று பட்டால்

முறைப்பாடு செய்யப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது விபரப் பில். எந்த எண், எத்தனை மணி, எத்தனை விநாடி என்று ஒவ்வொரு கோலையும் காட்டுவது. முன்பக்கத்துச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு கோல் சென்டரில் பேசினால், அங்கே இருக்கும் பிள்ளையும் அதே சுருக்கத்தைத்தான் திருப்பி வாசிக்கும். விபரம் கையில் இருந்தால், “14ஆம் திகதி காலை 10.42க்கு இரண்டு பதிவு இருக்கிறது, இரண்டும் 55 விநாடி” என்று சொல்ல முடியும். சந்தேகமுள்ள தொகையை எழுத்தில் கேட்டு, அதற்கு ஒரு முறைப்பாட்டு இலக்கம் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் திகதிக்குள் கட்டிவிடுவதுதான் புத்தி. முழுவதையும் கட்டாமல் பிடித்து வைத்தால், வழக்கு நியாயமாக இருந்தாலும் இணைப்பு முதலில் துண்டிக்கப்படும். கம்பனியின் பதிலில் திருப்தி இல்லை என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் போகலாம். அவர்களுடைய இலக்கம் 1900. கம்பனிக்குச் சொல்லாமல் நேரே அங்கே போனால், முதலில் கம்பனிக்குச் சொன்னீர்களா என்றுதான் கேட்பார்கள்.

அக்காவும் கேட்டுப் பார்த்தார். ஃபோர்வர்ட் அவரே அமைத்தது, பதிவு சரி, குறைக்க முடியாது என்று பதில் வந்தது. கம்பனி சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. ரோமிங் போடும்போதே ஃபோர்வர்ட் இருப்பது அவர்களின் கணினிக்குத் தெரியும், ஒரு மெசேஜ் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. செப்டெம்பர்ப் பில்லில் ரோமிங் என்று இன்னும் 170 ரூபாய் இருந்தது. 16ஆம் திகதி, வந்தது ஒரு நிமிடம், 026க்குப் போனது ஒரு நிமிடம். ஒக்டோபரில் ரோமிங் கட்டணமே இல்லை.